ராத்திரி கிரியேட்டின் எடுத்தால் தூக்கம் கெடுமா?

கேள்வி: "ராத்திரி 9 மணிக்கு ஜிம் முடிச்சிட்டு வந்து கிரியேட்டின் 5 கிராம் எடுக்கிறேன். ரெண்டு வாரமா 1 மணி வரைக்கும் தூக்கமே வரல. ஜிம்ல ஒருத்தர் ராத்திரி எடுத்தாதான் ரெக்கவரி நல்லா இருக்கும்ங்கிறார், இன்னொருத்தர் ராத்திரி எடுத்தா தூக்கம் போயிடும்ங்கிறார். யார் சொல்றதக் கேக்குறது?"

ரெண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ராத்திரி எடுப்பதால் ரெக்கவரிக்குத் தனியாக ஒரு லாபமும் இல்லை. 5 கிராம் அளவில் கிரியேட்டின் நேரடியாகத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் அந்த வெள்ளைப் பொடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேறு ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் பதினான்கு வருடமாக விளையாட்டு ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். இதே புகாரோடு வந்தவர்களில் பெரும்பாலானோரிடம் கடைசியில் குற்றவாளியாக நின்றது கிரியேட்டின் இல்லை. என்னவென்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பொடி உடம்பில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் "காலையிலா, ராத்திரியிலா" என்ற சண்டையே பாதி அடங்கிவிடும்.

கிரியேட்டின் என்பது குறுகிய நேர வேகத்துக்காக உடம்பு வைத்திருக்கும் ஆற்றல் சேமிப்பு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 120 கிராம் கிரியேட்டின் எப்போதும் இருக்கும். அதில் 95 சதவீதம் தசையில். மூளையிலும் கொஞ்சம் உண்டு. தினமும் அதில் ஏறக்குறைய 2 கிராம் கிரியேட்டினின் என்ற கழிவாக மாறி சிறுநீரில் போய்விடுகிறது. போனதில் பாதியளவை நம் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. மீதி மீன், கறி போன்ற உணவிலிருந்து வர வேண்டும். சுத்த சைவக்காரர்களுக்குத் தசை இருப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் அவர்கள் கிரியேட்டின் எடுக்கத் தொடங்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் தசை அதன் கொள்ளளவுக்கு நிரம்பிவிடும். நாளுக்கு 20 கிராம் என்று லோடிங் செய்தால் ஒரு வாரத்திலேயே நிரம்பும். நிரம்பிய பிறகு நிறுத்தினால் பழைய நிலைக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

இதை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைக் காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும், குழாயைத் திறக்கும்போது வருவது தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான். ஜிம்மில் கடைசி ரெண்டு ரெப்புக்கு உதவுவது இன்றைக்குக் குடித்த 5 கிராம் இல்லை, போன மாதம் முழுக்கச் சேர்ந்தது. குடித்த பொடி ரத்தத்தில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, அடுத்த சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கம் மட்டும்தான் நீங்கள் எடுக்கும் நேரத்தைப் பொறுத்தது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. கிரியேட்டின் செய்யும் வேலை உங்கள் தூக்கத்தைப் பாதிக்கிறது என்றால், காலையில் எடுத்தாலும் பாதிக்க வேண்டும், ஏனென்றால் தொட்டி இரண்டு நேரத்திலும் ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது. ராத்திரி எடுத்தால் மட்டும் கெடுகிறது, காலைக்கு மாற்றினால் சரியாகிறது என்றால், காரணம் தசையிலோ மூளையிலோ இருக்கும் இருப்பு இல்லை. வயிறு, தண்ணீர், அதோடு சேர்த்துக் குடித்தது, இல்லையென்றால் "இது தூக்கத்தைக் கெடுக்கும்" என்ற பயம், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

"தூக்கம் போயிடும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? முழுக்கப் புரளி இல்லை. அதன் வேர் எலிகளிடம் இருக்கிறது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. அது உடையும்போது அடினோசின் சேருகிறது. அடினோசின் சேரச் சேர கண் சொருகுகிறது. தூங்கினால் அது வடிகிறது. காபி தூக்கத்தைத் தள்ளிப்போடுவதும் இந்த அடினோசின் உட்காரும் இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்வதால்தான். கிரியேட்டின் செய்வது வேறு வழி: செலவான ஏடிபியை உடனே திரும்ப நிரப்ப அது கைவசம் பாஸ்பேட் வைத்திருக்கிறது. ஏடிபி குறையாமல் இருந்தால் அடினோசினும் மெதுவாகத்தானே சேரும்? 2017இல் ஒரு குழு இதை எலிகளில் பார்த்தது. நான்கு வாரம் கிரியேட்டின் கலந்த தீவனம் சாப்பிட்ட எலிகள் முன்பைவிடக் குறைவாகத் தூங்கின. ஆறு மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தபோது அவற்றின் மூளையில் அடினோசின் குறைவாக ஏறியது. பிறகு விட்டபோது மற்ற எலிகள் அளவுக்கு இழந்த தூக்கத்தை ஈடுகட்டவும் அவை துடிக்கவில்லை.

இதை வைத்து "கிரியேட்டின் தூக்கத்தைக் கெடுக்கும்" என்று சொல்வது அவசரம். அந்த எலிகளுக்கு வந்தது தூக்கமின்மை என்று சொல்ல முடியாது. தூக்கத்தின் தேவை குறைந்தது என்றுதான் ஆய்வாளர்களே எழுதினார்கள். படுத்துப் புரண்டு, காலையில் கண் எரிய எழுந்திருப்பது வேறு. குறைவாகத் தூங்கியும் தூக்கக் கடன் ஏறாமல் இருப்பது வேறு. இன்னொன்று, வாய்வழி எடுக்கும் கிரியேட்டினை மனித மூளை அவ்வளவு எளிதில் உள்ளே விடுவதில்லை. தசை நன்றாக நிரம்பும் காலத்தில் மூளையில் ஏறுவது சொற்பம். எலிக்குக் கண்டதை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே போதும்.

மனிதர்களிடம் நேரடியாகத் தூக்கத்தை அளந்த ஆய்வுகள் கைவிரலில் எண்ணும் அளவுதான். அதில் ஒன்று 2024இல் வந்தது. 21 பெண்கள், ஆறு வாரம், தினம் 5 கிராம், கூடவே எடைப் பயிற்சி. விரலில் மாட்டும் மோதிரக் கருவி மூலம் தூக்கத்தைக் கணக்கிட்டார்கள். கிரியேட்டின் எடுத்தவர்கள் பயிற்சி செய்த நாட்களில் மற்ற குழுவைவிட அதிக நேரம் தூங்கினார்கள். எலிக்கு நேர் எதிர்! இதையும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட வேண்டாம். ஆட்கள் குறைவு, எல்லோரும் பெண்கள், மோதிரம் மூளை அலையை அளக்கும் கருவியும் இல்லை. பயிற்சி இல்லாத நாட்களில் அந்தப் பலன் காணவில்லை. ஆனாலும் 5 கிராம் அளவில் தூக்கம் குலைகிறது என்ற பேச்சுக்கு அது ஆதரவாக இல்லை என்பது மட்டும் தெளிவு.

அதே 2024இல் ஜெர்மனியில் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் நடந்த ஆய்வைத்தான் பலர் வீடியோக்களில் தப்பாகச் சொல்கிறார்கள். 15 பேரை ராத்திரி முழுக்க விழிக்கவைத்து, ஒரே தடவையில் கிலோவுக்கு 0.35 கிராம் கிரியேட்டின் கொடுத்தார்கள். தூக்கமில்லாமல் இருந்தும் அவர்களின் மூளை வேகம், நினைவாற்றல் போன்றவை கொஞ்சம் தாக்குப்பிடித்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எழுபது கிலோ ஆளுக்கு அது 24.5 கிராம், ஐந்து ஸ்கூப். ஆய்வின் கேள்வியும் விழித்திருக்கும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்பதுதான். படுத்தால் தூக்கம் வருமா என்பது அங்கே கேட்கப்படவே இல்லை. இதிலிருந்து "கிரியேட்டின் முழிப்பைக் கொடுக்கும், அதனால் ராத்திரி வேண்டாம்" என்று ஒருவரும், "தூக்கம் குறைந்தாலும் பரவாயில்லை, கிரியேட்டின் பார்த்துக்கொள்ளும்" என்று இன்னொருவரும் முடிவுகட்டுகிறார்கள். இரண்டாவது ரொம்ப ஆபத்து. ஒரு ராத்திரி தடுமாற்றத்தைக் கொஞ்சம் குறைத்தது என்பதற்காகத் தினமும் நாலு மணி நேரம் தூங்கிக்கொண்டு சமாளிக்கலாம் என்று அர்த்தம் கிடையாது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்முக்குப் போவதற்கு முன் என்ன குடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் முன்னால் உட்காரும் யாரும் தானாகச் சொல்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் வந்தார். வயது 34, வங்கி வேலை. வேலை முடிந்து இரவு 7.45க்கு ஜிம், 9 மணிக்கு வெளியே, 9.30க்கு கிரியேட்டின், 11க்குப் படுக்கை, கண் அசர 1 மணி. கிட்டத்தட்ட நீங்களேதான். "சார், நான் டெஸ்ட் பண்ணியே பாத்துட்டேன், கிரியேட்டின்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நாலு நாள் எடுக்கல, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன். திரும்பி வந்து ஆரம்பிச்சேன், திரும்பப் போச்சு" என்றார்.

நாலு நாளில் தொட்டி காலியாகாது. அப்போது அவர் தசையில் கிரியேட்டின் ஏறக்குறைய நிறைந்தேதான் இருந்திருக்கும். அப்படியானால் அந்த நாலு நாளில் வேறென்ன மாறியது என்று கேட்டேன். ஊரில் ஜிம் இல்லை. ஜிம் இல்லாததால் ஜிம்முக்கு முன் குடிக்கும் ப்ரீ-ஒர்க்கவுட்டும் இல்லை. அதைப் பற்றி அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. "அது சும்மா எனர்ஜிக்கு சார், அதுலயும் கிரியேட்டின்தான் இருக்கு" என்றார். மறுநாள் டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு ஸ்கூப்புக்கு கிரியேட்டின் 3 கிராம், அதற்கு இரண்டு வரி கீழே காஃபின் 200 மில்லிகிராம். அவர் கிரியேட்டின் என்ற வார்த்தையைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

200 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய இரண்டு நல்ல ஸ்ட்ராங் காபி. காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஏழுகூட ஆகலாம். அவர் 7.15க்குக் குடித்ததில் பாதி, அதாவது 100 மில்லிகிராம், நள்ளிரவு 12.15க்கும் உள்ளே இருந்தது. ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு அந்த நேரத்தில் படுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிக்கொண்டிருந்தது. 2013இல் வந்த ஒரு ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. இவர் எடுத்தது அதில் பாதி அளவு. ஆனால் இடைவெளி ஆறு மணி நேரம் இல்லை, நாலு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்கும் மேல் சாயங்காலம் ஆபீசில் ஒரு டீ.

அதனால் முதல் வேலையாக நீங்கள் வாங்கிய எல்லா டப்பாக்களின் பின்பக்கத்தையும் படியுங்கள். வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்றால் காஃபின் இருக்காது. ஆனால் ப்ரீ-ஒர்க்கவுட், ஃபேட் பர்னர் என்று விற்பவற்றில் பலவற்றில் இருக்கும். காஃபின் என்று நேரடியாகப் போடாமல் குவாரானா, கிரீன் டீ சாறு, கிரீன் காபி சாறு என்றும் போட்டிருப்பார்கள். அவற்றிலும் இருப்பது காஃபின்தான். ராத்திரி ஜிம் போகிறவருக்கு இது ஒத்துவராது. மதியம் 2 மணிக்கு மேல் காஃபின் எந்த வடிவத்திலும் வேண்டாம் என்று பத்து நாள் இருந்து பாருங்கள்.

அடுத்தது நீங்கள் செய்யும் பயிற்சி. இதில் ஒரு சமநிலை வேண்டும். சாயங்காலம் உடற்பயிற்சி செய்தால் தூக்கம் கெடும் என்று பொதுவாகச் சொல்வது தப்பு. 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. விதிவிலக்கு ஒன்றுதான்: படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடுமையான பயிற்சி. அதற்குப் பிறகு உடம்புச் சூடும் இதயத் துடிப்பும் இறங்க நேரம் வேண்டும். நீங்கள் 9க்கு முடித்து 11க்குப் படுத்தால் இடைவெளி போதும். 9.45க்கு முடித்து, வண்டி ஓட்டி வந்து, குளித்து, சாப்பிட்டு, 10.45க்கே படுத்தால் போதாது. எந்த நாளில் தூக்கம் கெட்டது என்று பார்த்தால் அது லெக் டேயாக இருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸ்குவாட்டில் உயிரைக் கொடுத்துவிட்டு வந்து கிரியேட்டினைத் திட்டுவார்கள்.

மூன்றாவது தண்ணீர். கிரியேட்டின் எடுத்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, ராத்திரி பத்து மணிக்கு ஒரு லிட்டர் குடித்துவிட்டு இரண்டு தடவை பாத்ரூமுக்கு எழுந்து, "தூக்கம் முறிந்து முறிந்து போகிறது" என்று வருகிறவர்களும் உண்டு. கிரியேட்டின் தசைக்குள் கொஞ்சம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வது உண்மை. முதல் வாரங்களில் எடை ஒன்று, ஒன்றரை கிலோ ஏறுவதும் அதனால்தான். ஆனால் அந்தத் தண்ணீரைப் படுக்கப்போகும் நேரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பகல் முழுக்கக் குடியுங்கள், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அளவைக் குறையுங்கள். உங்களுக்குப் பிரச்சினை தூக்கம் வராததா, வந்த தூக்கம் நடுவில் முறிவதா என்று கவனியுங்கள். முதலாவது என்றால் காஃபினையும் தாமதமான பயிற்சியையும் சந்தேகப்படுங்கள். இரண்டாவது என்றால் தண்ணீரையும் வயிற்றையும்.

வயிறு என்றதும் பொடி கரைவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் சாதாரண தண்ணீரில் லிட்டருக்கு பதினைந்து கிராம் அளவில்தான் கரையும். ஒரு சின்ன டம்ளரில் 5 கிராம் போட்டுக் கலக்கினால் அடியில் மணல் மாதிரி தங்கும். அதைச் சுழற்றி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுப் படுத்தால் சிலருக்கு வயிறு கடமுடா என்னும், உப்பும், சிலருக்குப் பேதியும் ஆகும். ஒரே வேளையில் 10 கிராம் எடுத்தவர்களுக்கு, அதையே 5, 5ஆகப் பிரித்து எடுத்தவர்களைவிடப் பேதி அதிகம் வந்ததாக ஆய்வும் இருக்கிறது. நீங்கள் லோடிங் செய்கிறீர்கள் என்றால், இரண்டு வாரத் தொல்லைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். லோடிங் கட்டாயம் இல்லை. நாளுக்கு 3 கிராமோடு நாலு வாரம் பொறுத்தால் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரிலோ சாப்பாட்டோடு சேர்த்தோ எடுத்தால் வயிறு தொந்தரவு செய்வது குறையும்.

ரெக்கவரி பற்றிய பாதியும் இருக்கிறது. ராத்திரி உறங்கும்போது தசை பழுதுபார்க்கப்படுகிறது, அதனால் அந்த நேரத்தில் ரத்தத்தில் கிரியேட்டின் இருந்தால் நல்லது என்பது உங்கள் ஜிம் நண்பர் சொல்லும் தர்க்கம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரியேட்டின் புரதம் மாதிரி பழுதுபார்க்கும் கச்சாப்பொருள் இல்லை. அது குறுகிய நேர வேகத்துக்கான ஆற்றல் சேமிப்பு. அதன் பலன், அடுத்த செட்டில் ஒரு ரெப் கூடுதலாக வருவதிலும், அந்தக் கூடுதல் உழைப்பு மாதக்கணக்கில் தசையாகச் சேர்வதிலும் இருக்கிறது. பயிற்சிக்கு முன்னா பின்னா என்று 2013இல் 19 பேரிடம் நான்கு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். பின்னால் எடுத்தவர்களுக்கு ஒரு சின்ன சாய்வு தெரிந்தது. அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. அது பயிற்சியை ஒட்டிய நேரத்தைப் பற்றியதுதான். "படுக்கைக்கு முன்" என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஒரு சின்ன உண்மை இதில் இருக்கிறது. கடுமையாக சைக்கிள் ஓட்டிக் களைத்தவர்களுக்கு, நிறைய மாவுச்சத்துச் சாப்பாட்டோடு கிரியேட்டினும் கொடுத்தபோது, முதல் ஒரு நாளில் தசையில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு சற்று அதிகமாகச் சேர்ந்தது. அங்கே கொடுத்தது நாளுக்கு 20 கிராம். நாளைக் காலையே மறுபடி ஓட வேண்டிய போட்டியாளருக்கு அது பொருட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஜிம் போகிறவருக்கு இட்லியும் சோறுமே அந்த வேலையைச் செய்துவிடும்.

எனவே ராத்திரி எடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே நல்ல காரணம், மறக்காமல் இருப்பது. ஜிம் முடிந்து சாப்பாட்டோடு எடுப்பது உங்களுக்குப் பழகிவிட்டது என்றால் தொடருங்கள். மனதுக்கு உறுத்தலாக இருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றும் நஷ்டமில்லை.

சிலருக்கு மட்டும் நான் இப்படி லேசாகப் பேச மாட்டேன். உங்களுக்கோ வீட்டில் நெருங்கியவர்களுக்கோ இருமுனை மனநோய், அதாவது பைபோலார், இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டின் வேண்டாம். மனச்சோர்வுக்காகக் கிரியேட்டின் கொடுத்த சின்ன ஆய்வுகளில், பைபோலார் உள்ள ஓரிருவருக்கு மனம் எல்லை மீறி எழும் மேனியா நிலை வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதன் முதல் அடையாளமே குறைவாகத் தூங்கியும் களைப்பே தெரியாமல் இருப்பது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு உற்சாகம் பொங்கினால், பேச்சு வேகமாகிச் செலவு கைமீறினால், அது பொடி வேலை செய்கிறது என்று மகிழ வேண்டிய விஷயம் இல்லை. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கதை அது மாதிரி தெரியவில்லை. நீங்கள் தூக்கம் வராமல் அவதிப்படுகிறீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். கோளாறு இல்லாதவர்களுக்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற அந்தக் கழிவின் எண் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். அது பொடி மாறிய கழிவாக இருக்கலாம், சிறுநீரகம் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பொடி எடுப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுவது என்றால் அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்த வங்கிக்காரர் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை அதில்தான் இருக்கிறது. ப்ரீ-ஒர்க்கவுட்டையும் சாயங்கால டீயையும் நிறுத்தியதும் ஒரு வாரத்தில் 1 மணி 11.45க்கு வந்துவிட்டது. ஆனாலும் அவருக்குக் கிரியேட்டின் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் இன்னும் சரியில்லை, அது அந்தப் பொடியால்தான் என்றார். முழுக்க நிறுத்திச் சோதிக்க ஆறு வாரம் ஆகும், அதற்கு அவர் தயாராக இல்லை. நேரத்தை மட்டும் சோதிப்பது எளிது, ஏனென்றால் தொட்டி நிறைந்தே இருக்கும், மாறுவது ஊற்றும் நேரம் மட்டும்தான். ஆனால் எப்போது எடுத்தோம் என்று அவருக்குத் தெரிந்தால் சோதனை வீண். ராத்திரி எடுத்தோமே என்று நினைத்துக்கொண்டு படுத்தாலே தூக்கம் வராது.

அவர் மனைவியைக் கூட்டிவரச் சொன்னேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ். கூழில் போட்டால் நறநறப்பு தெரியாது. ஒவ்வொரு ராத்திரியும் அந்த அம்மா அடுப்படியில் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிடுவார். தலை விழுந்தால் பொடி ராத்திரிக் கூழில், பூ விழுந்தால் மறுநாள் காலைக் கூழில். எதில் போட்டார் என்பதைத் தன் நோட்டில் எழுதிப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். இவர் காலையில் எழுந்ததும், போனைத் தொடுவதற்கு முன், படுத்த நேரம், தூங்கியிருப்போம் என்று நினைக்கும் நேரம், எத்தனை தடவை எழுந்தோம், ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நாலே விஷயம் எழுத வேண்டும். அன்று எந்தத் தசைக்குப் பயிற்சி, எத்தனை மணிக்கு முடிந்தது என்பதும். கூடவே, அன்று பொடி ராத்திரியில் போடப்பட்டதா காலையிலா என்று ஒரு ஊகமும் எழுதச் சொன்னேன். நாலு வாரம். அதற்குள் அளவு மாறக்கூடாது, புது டப்பா கூடாது, ஊருக்குப் போன நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

28 நாள் முடிந்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். தூக்கத்துக்கு ஐந்துக்கு இரண்டைவிடக் குறைவாக அவர் மதிப்பெண் போட்ட ராத்திரிகள் ஒன்பது. அதில் நாலு ராத்திரிக் கூழில் பொடி இருந்தவை, ஐந்து இல்லாதவை. பத்து மணியைத் தாண்டிப் பயிற்சி முடிந்த ராத்திரிகள் மொத்தமே ஆறு. அதில் ஐந்து அந்த ஒன்பதுக்குள் இருந்தன. ஒரே ஆள், ஒரே மாதம், இதை வைத்து உலகத்துக்கு எதுவும் சொல்ல முடியாது. அவருக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. ஊகப் பத்தியைப் பார்த்தபோதுதான் மனைவி சிரித்துவிட்டார். அந்த ஒன்பது ராத்திரிகளுக்கும் எதிரில் அவர் ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருந்தார்: "ராத்திரி".